கூட்டம் எந்த ஊர்க் கடிகாரத்தில்?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தியா, சிங்கப்பூர், ஜெர்மனி என்று மூன்று இடங்களில் இருப்பவர்களை வாராவாரம் ஒரே அழைப்பில் சேர்ப்பது சில ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. அதில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஓர் அக்டோபர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. எங்கள் வாராந்தரக் கூட்டம் இந்திய நேரம் மதியம் 1.30-க்கு. கோடை முழுக்க அப்படித்தான் நடந்துவந்தது. அன்றும் இந்தியாவில் நாங்கள் நான்கு பேர் ஒன்றரைக்கு இணைந்தோம். சிங்கப்பூர் நண்பர் வந்தார், அவருக்கு மாலை 4 மணி. பெர்லினிலிருந்து ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு போன் செய்தோம். எடுத்தவர் குழம்பிப்போய், "கூட்டம் பத்து மணிக்குத்தானே? இங்கே இப்போதுதான் ஒன்பது ஆகிறது" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் வந்தபோது சிங்கப்பூர் நண்பரால் இருக்க முடியவில்லை; ஐந்து மணிக்கு அவர் பிள்ளையை அழைத்துவரப் போக வேண்டும். அன்று எடுக்க வேண்டியிருந்த முடிவை அவர் இல்லாமல் எடுக்க முடியாது. ஒரு வாரம் தள்ளிப்போனது.

யாரும் தாமதமாக வரவில்லை. மாறியது பெர்லினின் கடிகாரம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். பிரிட்டனிலும் அதே நாட்கள்தான். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வழக்கம் இல்லை. ஆகவே நம் இரண்டு நாடுகளுக்கும் இடையில் ஆண்டு முழுக்க இரண்டரை மணி நேரம், அது அசையாது. பெர்லினுக்கும் நமக்கும் இடையில் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை.

2026-ஐ எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 20, செவ்வாய்: பெர்லினில் காலை 10 என்றால் இந்தியாவில் மதியம் 1.30, சிங்கப்பூரில் மாலை 4. அக்டோபர் 25 ஞாயிறு அங்கே கடிகாரம் மாறுகிறது. அக்டோபர் 27, செவ்வாய்: பெர்லினில் அதே காலை 10, ஆனால் இந்தியாவில் 2.30, சிங்கப்பூரில் 5. கூட்டத்தை யாரும் மாற்றவில்லை, ஆனாலும் இரண்டு நாட்டுக்காரர்களுக்கு மாறிவிட்டது.

எங்கள் காலண்டர் அழைப்பு பெர்லினில் உருவாக்கப்பட்டது, அதனால் எங்கள் திரையில் அன்று 2.30 என்று சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எப்போதோ "செவ்வாய் 1.30 கூட்டம்" என்று எழுதி மேலே குத்தி வைத்திருந்தார்கள். அதையே நம்பினோம். அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: வாராவாரம் நடக்கும் கூட்டம் என்றால் நேரத்தை மட்டும் சொன்னால் போதாது, அந்த நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். "பெர்லின் நேரம் காலை 10, அது மாறாது, மற்ற ஊர்களின் நேரம் மார்ச்சிலும் அக்டோபரிலும் ஒரு மணி நேரம் நகரும்" என்று அழைப்பிலேயே எழுதிவிடலாம். இல்லையென்றால் "இந்திய நேரம் 1.30, அது மாறாது, பெர்லினில் குளிர்காலத்தில் 9 மணி" என்று எழுதலாம்.

எதைக் கட்டுத்தறியாக வைப்பது? முடிந்தால் இந்திய நேரத்தையோ சிங்கப்பூர் நேரத்தையோ வைக்கலாம் என்பது என் கருத்து. அப்போது மூன்றில் இரண்டு இடங்களுக்கு ஆண்டு முழுக்க ஒரே நேரம். கடிகாரம் மாறுவதை ஐரோப்பாவில் இருப்பவர்கள் எப்படியும் அறிந்திருப்பார்கள். ஆனால் இது எப்போதும் பொருந்தாது. கோடையில் பெர்லினுக்குக் காலை 8 என்று வைத்த கூட்டம் குளிர்காலத்தில் 7 மணிக்கு வந்து நிற்கும். அது யாருக்கும் ஆகாது. அவர்களுடைய மற்ற கூட்டங்கள் எல்லாம் உள்ளூர் நேரத்தில் இருப்பதால் ஒன்றோடொன்று மோதவும் செய்யும்.

காலண்டரில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உலகப் பொது நேரத்தைவிட எத்தனை மணி முன்னே என்று காட்டும் கூட்டல் 1, கூட்டல் 2 என்ற எண்ணைவிட ஊர்ப் பெயரைக் கொடுப்பது நல்லது. Europe/Berlin, Asia/Kolkata, Asia/Singapore என்று பல கணினிகளில் இருக்கும். ஊர்ப் பெயர் கொடுத்தால் கடிகாரம் எப்போது மாறும் என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். இந்தக் கடிகார மாற்றத்தையே கைவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தது. உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு வராததால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நாளை சட்டம் மாறினாலும், ஊர்ப் பெயரில் கட்டிய கூட்டம் கணினியின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் தானாகச் சரியாகிவிடும்.

அடுத்தது சுருக்கெழுத்துகள். ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம். அயர்லாந்தில் கோடைகால நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துதான். இஸ்ரேலின் நேரத்துக்கும் அதுவே. டப்ளினிலிருந்து ஜூலையில் ஒருவர் "மதியம் 3 மணி, ஐ.எஸ்.டி." என்று எழுதினால், அவர் மனதில் இருப்பது நமக்கு இரவு 7.30. நாம் நாலரை மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்போம். இதைவிட நுணுக்கமானது சி.இ.டி. அது மத்திய ஐரோப்பாவின் குளிர்கால நேரம் மட்டுமே. கோடைக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் பலரும் ஆண்டு முழுக்க சி.இ.டி. என்றே எழுதுவார்கள். ஜூலையில் "10 மணி சி.இ.டி." என்று வந்தால் எழுத்துப்படி கணக்கிட்டவருக்கு 2.30 வரும், எழுதியவர் நினைத்தது 1.30. ஆகவே சுருக்கெழுத்தை விட்டுவிட்டு ஊரைச் சொல்லுங்கள். "ஐரோப்பிய நேரம்" என்பதும் உதவாது. லிஸ்பன், பெர்லின், ஹெல்சிங்கி மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு நேரம்.

நான் இப்போது அழைப்பின் முதல் வரியை இப்படி எழுதுகிறேன்: "செவ்வாய், 27 அக்டோபர் 2026. பெர்லின் 10:00, இந்தியா 14:30, சிங்கப்பூர் 17:00." கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கும், மாதம் எழுத்தில் இருக்கும், 24 மணிக் கணக்கு. அனுப்பும் முன் ஒரே ஒரு சரிபார்ப்பு: சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையில் இரண்டரை மணி நேரம் வருகிறதா? வரவில்லையென்றால் கணக்கில் எங்கோ பிழை. பிறகு பெர்லினுக்கு மூன்றரையா நாலரையா என்பதைத் தேதியை வைத்துப் பார்க்கிறேன்.

மாலைக் கூட்டம் என்றால் ஒவ்வோர் ஊருக்கும் கிழமையைத் தனித்தனியாக எழுதுகிறேன். ஜூலையில் பெர்லினில் திங்கள் மாலை 6 மணி. இந்தியாவில் திங்கள் இரவு 9.30, சிங்கப்பூரில் சரியாக நள்ளிரவு 12. "திங்கள் நள்ளிரவு 12" என்று எழுதினால் அது திங்கள் தொடங்கும் நேரமா முடியும் நேரமா? ஒருவர் ஒரு நாள் முன்னதாகவே கண்விழித்துக் காத்திருப்பார். அதற்கு "சிங்கப்பூர், செவ்வாய் 00:00" என்று எழுதலாம். அதைவிட, கூட்டத்தையே ஐந்து நிமிடம் தள்ளி "செவ்வாய் 00:05" என்று வைத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.