தீக்குச்சி வைத்து வழி சொல்லிக் கொடுத்தேன், வகுப்பே மாறிவிட்டது!

வணக்கம் மக்களே. போன வீடியோவில், வழி கேட்பது, வழி சொல்வது பற்றி ரோல் கார்டு வைத்து ஒரு பாடம் எடுக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். நேற்று சாயங்காலம் எடுத்துவிட்டேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் பேசிவிடலாம் என்று கேமராவை வைத்துவிட்டேன்.

என் மாலை வகுப்பு உங்களுக்குத் தெரியும். பதினாறு பேர், எல்லாரும் வேலை முடிந்து வருகிறவர்கள், ஆங்கிலத்தில் இப்போதுதான் வாய் திறக்கிறார்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தால் எட்டு ஜோடி. ஒருவர் வழி கேட்பவர், மற்றவர் வழி சொல்பவர்.

முதலில் அந்த லேமினேஷன் கதையைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஒரு கார்டுக்கு இருபத்தைந்து ரூபாய் கேட்டார்கள். பதினாறு கார்டுக்கு 400 ரூபாய்! மூன்று வாரத்தில் மூலை பிய்ந்துபோகிற கார்டுக்கு! திரும்பி வந்து பீரோவைத் திறந்தால் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கிறது. நல்ல கெட்டி அட்டை. ஜெராக்ஸ் எடுத்து, பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒட்டி, மேலே அகலமான செல்லோ டேப். ஜெராக்ஸ் 32 ரூபாய், டேப் 20 ரூபாய், மொத்தமே 52 ரூபாய்தான். பாருங்கள், எவ்வளவு விறைப்பாக நிற்கிறது! இனிமேல் எந்தக் கார்டும் எனக்கு இப்படித்தான்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். போன வருடம் நான் மதுரை வரைபடத்தையே கொடுத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. கேட்க அழகாக இருக்கும், ஆனால் பாடம் படுத்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போக எங்கள் ஆட்களுக்கு யாராவது வழி சொல்ல வேண்டுமா? எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் விரல் கோயில் வாசலுக்குப் போய்விடும். காதே வேலை செய்யவில்லை. அதனால் இந்த முறை ஊரே கற்பனை ஊர். கேட்பவர் கார்டில் தெருக்கள் மட்டும் இருக்கும், கட்டடங்கள் எல்லாம் வெறும் எண் போட்ட கட்டங்கள். சொல்பவர் கார்டில்தான் எந்த எண் எந்த இடம் என்று இருக்கும். கேட்காமல் கண்டுபிடிக்கவே முடியாது.

கேட்பவர் கார்டில் இப்படி எழுதினேன்: ‘நீங்கள் ஊருக்குப் புதிது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல். கிளினிக்குக்கு வழி கேளுங்கள்.’ சொல்பவர் கார்டில், ‘நீங்கள் டீக்கடை வைத்திருக்கிறீர்கள். வந்தவருக்கு வழி சொல்லுங்கள். விரலால் காட்டக் கூடாது.’ இந்தச் சூழ்நிலையை மட்டும் தமிழில்தான் எழுதுவேன். அதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து நிமிடம் கார்டைப் படிப்பதிலேயே போய்விடும். பேசுவதற்கு ஆறே ஆறு வாக்கியம். கோ ஸ்ட்ரெயிட். டர்ன் லெஃப்ட். டர்ன் ரைட். டேக் த செகண்ட் ரைட். இட்ஸ் ஆன் யுவர் லெஃப்ட். இட்ஸ் ஆப்போஸிட் த ஸ்கூல். அவ்வளவுதான்.

அய்யோ, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நோட்டை விரித்துச் சுவர் மாதிரி நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

வழி இதுதான். பஸ் ஸ்டாண்ட் காகிதத்தின் அடியில். அங்கிருந்து நேராக மேலே போக வேண்டும். இரண்டாவது ரைட். அந்தத் தெருவில் போய் முதல் ரைட். இடது கைப் பக்கம் கிளினிக். நான் ரொம்ப யோசித்துச் செய்தது, தவறான இடங்களைத்தான். கிளினிக்குக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம், பால் பூத். ஒருவர் இரண்டாவது ரைட்டுக்குப் பதிலாக முதல் ரைட்டிலேயே திரும்பிவிட்டால், மீதி வழியைச் சரியாகப் போனாலும் நூலகத்தில் போய் நிற்பார். ஆக, நூலகத்தில் நின்றால் எண்ணிக்கைத் தப்பு. பால் பூத்தில் நின்றால் இடது வலது தப்பு. நான் ஒவ்வொரு ஜோடியின் வாயையும் உற்றுக் கேட்க வேண்டியதில்லை, எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

முதல் சுற்றில் ஒரு ரூபாய் நாணயத்தை நகர்த்தச் சொன்னேன். எட்டு ஜோடியில் ஐந்து ஜோடி பால் பூத்தில்! லெஃப்ட், ரைட் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். கையைத் தூக்கச் சொன்னால் சரியாகத் தூக்குகிறார்கள். விஷயம் என்னவென்றால், கடைசித் தெருவில் நாம் காகிதத்தின் மேலிருந்து கீழே இறங்கி வருகிறோம். அப்போது நடப்பவரின் இடது கை, காகிதத்தின் வலது பக்கம். நாணயத்துக்கு முகம் கிடையாதே! அதனால் எல்லாரும் காகிதத்தின் இடது பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். இதைத் தெரியாமல் நாம் ‘லெஃப்ட் என்றால் என்ன, ரைட் என்றால் என்ன’ என்று மறுபடி பாடம் எடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அப்போதுதான் மேஜை மேலிருந்த தீப்பெட்டி கண்ணில் பட்டது. ஆளுக்கு ஒரு தீக்குச்சி கொடுத்தேன். மருந்து இருக்கிற பக்கம் முகம். எந்தப் பக்கம் நடக்கிறோமோ அந்தப் பக்கம் தலை பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் குச்சியைத் திருப்ப வேண்டும். அப்படியும் குழம்பினால், குச்சியின் தலை நம் நெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி கார்டையே சுற்றிக்கொள்ளலாம். இரண்டாவது சுற்றில் வேறு இடம், போஸ்ட் ஆஃபீஸ், அங்கேயும் அதே மாதிரி கீழே இறங்குகிற தெரு. ஏழு ஜோடி சரியான இடத்தில் நின்றது! கடைசி ஜோடி திருப்பத்தை எண்ணுவதில் தவறியது, அது வேறு கணக்கு.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு பழக்கம் இருக்கிறது. கேட்பவர் சும்மா ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டிக்கொண்டே இருப்பது. புரிந்ததா இல்லையா என்று யாருக்குமே தெரியாது. அதனால் கேட்பவர் கார்டின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: ‘திரும்பச் சொல்லாமல் நகரக் கூடாது.’ டீக்கடைக்காரர் ‘டேக் த செகண்ட் ரைட்’ என்றால், இவர் ‘செகண்ட் ரைட்?’ என்று கேட்டு, அவர் ‘யெஸ்’ சொன்ன பிறகுதான் குச்சி நகரும். பாதித் தப்பு அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.

இன்னொன்று, ‘எதிரே’. நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தால் ஆப்போஸிட், பள்ளிக்கூட வாசலை ஒட்டியே ஆட்டோ நின்றால் இன் ஃப்ரன்ட் ஆஃப். நேற்று முக்கால்வாசிப் பேர் இரண்டுக்கும் ‘ஃப்ரன்ட் சைடு’ என்றார்கள். இதை வாயால் விளக்கினால் ஏறாது. அடுத்த வாரக் கார்டில் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ ஸ்டாண்டையும், தெருவுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷனரி கடையையும் வைக்கப்போகிறேன். இரண்டையும் கலந்தால் பென்சில் வாங்கப் போனவர் ஆட்டோவில் நிற்பார்.

கடைசிச் சுற்றில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நம் இட்லிக் கடை அக்கா, இரண்டு மாதமாக ‘யெஸ் மிஸ்’ தவிர ஒன்றும் பேசாதவர், அவர்தான் கேட்பவர். எதிரில் துணிக்கடை அண்ணன் கடகடவென்று மூன்று திருப்பத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அக்கா குச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘வெயிட், வெயிட். செகண்ட் ரைட் ஆர் தேர்ட் ரைட்?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அண்ணன் தன் கார்டை மறுபடி பார்த்துவிட்டு, ‘சாரி, தேர்ட்’ என்றார். தப்பு அவருடையது! அக்கா குச்சியைத் திருப்பி, மூன்றாவது தெருவில் கொண்டுபோய் வைத்தார்.