மொட்டைமாடியை விளம்பரப் பலகைக்கு விடலாமா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

[திரையில்: முக்கியச் சாலையோரம் ஒரு இரண்டு மாடி வீடு. மாடி காலியாக இருக்கிறது.]

வணக்கம். மதுரையில் என் மாமா வீடு ஒரு சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸும் பைக்கும் நிற்கிற இடம் என்பதால், நிற்கிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பது அவர் வீட்டு மொட்டைமாடியைத்தான். போன வருஷம் ஒரு ஏஜென்ட் வந்தார். "சார், இருபதுக்குப் பத்து அடியில ஒரு போர்டு வைக்கறோம். மாசம் பன்னிரண்டாயிரம் வாடகை. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். மாமா எனக்குப் போன் செய்தார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

மாமாவின் முதல் கேள்வி நியாயமானது. "என் சொந்த மாடி. இதுக்கு எதுக்குய்யா மாநகராட்சி அனுமதி?"

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டு வந்த ஒன்று. தமிழ்நாட்டில் தனியார் கட்டடங்கள் மேல் இருந்த விளம்பரப் பலகைகள் சம்பந்தப்பட்ட வழக்கில், 2008இல் தீர்ப்பு வந்தது. இடம் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் பலகை பொதுமக்கள் பார்ப்பதற்காக, பொதுச் சாலையை நோக்கி நிற்கிறது. விழுந்தால் சாலையில் போகிறவர் மேல்தான் விழும். அதனால் அதை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்று மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இதற்கான சட்டம், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் 2023இல் வந்த விதிகளும். உரிமம் இல்லாமல் பலகை வைத்தால் விளம்பர நிறுவனம் மட்டும் மாட்டுவதில்லை, இடத்தைக் கொடுத்தவரும் சேர்ந்தே மாட்டுவார். வாடகை வாங்கியவர் "எனக்குத் தெரியாது" என்று நகர்ந்துவிட முடியாது.

சரி, இவ்வளவு கெடுபிடி எதற்கு? காற்றுக்காக.

[திரையில்: குடை பிடித்து நடப்பவர். காற்றில் குடை மடங்குகிறது.]

பலகை என்றதும் நாம் எடையைப் பற்றித்தான் யோசிக்கிறோம். இரும்புச் சட்டமும் ஃபிளெக்ஸும் சேர்ந்து அரை டன் இருக்கலாம். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தாலே ஒரு டன் எடை. அதையே தளம் தாங்குகிறதே, இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் தொட்டி கீழ்நோக்கி மட்டும்தான் அழுத்துகிறது. பலகையைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் உண்டு. மதுரைக்கு அது நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். புயல் வரும் கடலோரம் என்பதால் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். அழுத்தம் கண்டுபிடிக்க, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வரும் விடையை 0.6ஆல் பெருக்க வேண்டும். விடை நியூட்டன் கணக்கில் வரும், கிலோவாக மாற்ற அதை 9.8ஆல் வகுக்க வேண்டும். மதுரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ வருகிறது. இருபதுக்குப் பத்து அடிப் பலகையின் பரப்பு சுமார் 18.6 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1,700 கிலோவுக்கு மேல். அதே பலகை சென்னையில் இருந்தால் 2,800 கிலோவைத் தாண்டும். வடிவமைக்கும் பொறியாளர் பலகையின் உருவம், உயரம், சுற்றுப்புறம் எல்லாம் பார்த்து இதை இன்னும் திருத்துவார். நமக்கு இப்போதைக்கு இந்த அளவு போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 1,700 கிலோ தள்ளுவது பலகையின் நடுவில். கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிய வேண்டும் என்பதால் பலகையின் நடுப்பகுதி தளத்திலிருந்து ஒன்பது அடி உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி நாலரை அடி. ஒன்பதை நாலரையால் வகுத்தால் இரண்டு. அப்படியானால் காற்றை நேரே வாங்கும் பக்கத்துக் கால்களை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை, தள்ளும் விசையைப் போல இரண்டு மடங்கு. கிட்டத்தட்ட மூன்றரை டன்! சட்டத்தின் சொந்த எடை அதில் கொஞ்சத்தைத்தான் குறைக்கும். நான்கைந்து அங்குலத் தளத்தில் துளை போட்டு அடித்த போல்ட்டுகளும், செங்கல் கைப்பிடிச் சுவரில் கட்டிய கம்பிகளும் இந்த இழுப்பைத் தாங்காது. கால்கள் தூண்களிலோ பீம்களிலோ போய்ச் சேர வேண்டும்.

[திரையில்: எழுத்துகள் மட்டும். மும்பை, காட்கோபர், 13 மே 2024.]

அன்று மாலை புழுதிக்காற்று அடித்தது. ஒரு பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை சரிந்தது. 17 பேர் இறந்தார்கள். அந்தப் பலகை 120க்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்ச அளவு 40க்கு 40 அடிதான். பிறகு நடந்த தொழில்நுட்ப ஆய்வில், அதன் அடித்தளம் மணிக்கு 49 கிலோமீட்டர் காற்றைத்தான் தாங்கக்கூடியதாக இருந்தது என்று தெரியவந்தது. அன்று வீசியது 87 கிலோமீட்டர். நம் பக்கத்தில், 2023 ஜூன் 1ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே, பலகையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே காற்றில் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும் புயல் எதுவும் அன்று வரவில்லை. கோடை மழைக்கு முன் வரும் காற்றே போதுமானதாக இருந்தது.

மாமா வீட்டுக்கு வருவோம். மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டு ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை, மூன்றாவது மாமாவே பார்க்க வேண்டியது.

முதலில் உரிம ஆணையின் நகல். "விண்ணப்பம் போட்டாச்சு" என்ற ரசீதை உரிமம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆணையில் யார் பெயர், எந்தக் கதவு எண், என்ன அளவு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நான்கு தெரு தள்ளி இருக்கும் வேறொரு பலகையின் உரிமத்தைக் காட்டி வேலையை முடித்துவிடுகிறவர்களும் உண்டு. நகலைக் கையில் எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கே போய், இது உண்மையா என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு நாள் அலைச்சல்தான். வீடு ஊராட்சி எல்லையில் இருந்தால் விதியும் வேறு, கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு.

இரண்டாவது, கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று. இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பலகையின் இரும்புச் சட்டத்துக்கு மட்டும் சான்று வாங்கி வருவார்கள். உங்களுக்குத் தேவை, சட்டமும் உங்கள் கட்டடமும் சேர்ந்து தாங்குமா என்ற பதில். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சான்றோடு ஒரு வரைபடம் இருக்க வேண்டும். அதில் எந்தத் தூணில் எந்தக் கால் உட்காருகிறது என்றும், கணக்கில் எடுத்த காற்று வேகம் எவ்வளவு என்றும் எழுதியிருக்க வேண்டும். பொறியாளர் உங்கள் வீட்டு மாடிக்கு ஒரு தடவைகூட வராமல் சான்று வந்திருந்தால், அந்தத் தாளை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது உங்கள் சொந்த ஆவணம். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாவது மாடி கட்டியிருந்தால், பலகை விண்ணப்பம் அந்தப் பிரச்சினையையும் வெளியே இழுத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மொட்டைமாடி பொதுப் பகுதி. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே மொட்டைமாடியைப் பொதுப் பகுதி என்கிறது. மேல்மாடிக்காரரோ பில்டரோ தனியாக வாடகைக்கு விட முடியாது, சங்கத்தின் தீர்மானம் வேண்டும்.

அப்புறம், வெளிச்சம். பலகைக்கு விளக்குப் போட வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுப்பார்கள். வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்குக் கட்டணம் போட முடியும். பலகைக்கென்று தனி இணைப்பு, விளம்பர நிறுவனத்தின் செலவில்.

காம்பவுண்டுச் சுவர் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். சுவரில் வண்ணம் அடிப்பதற்கும் சுவர் மேல் சட்டம் நிறுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காம்பவுண்டுச் சுவர் தனியாக நிற்கிற ஒன்று. பெரும்பாலும் ஆழமில்லாத அஸ்திவாரம், நாலரை அல்லது ஒன்பது அங்குலச் செங்கல். அதன் தலையில் ஒரு பலகையை வைத்தால் காற்று முழுச் சுவரையும் நெம்புகோல் போலச் சாய்க்கும். பலகை வேண்டுமென்றால் சுவருக்கு உள்பக்கம், உங்கள் பட்டா நிலத்தில், தனி அஸ்திவாரம் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதற்கும் உரிமம் வேண்டும்.

[திரையில்: மாடியில் உயரமான சட்டத்தில் சோலார் பேனல்கள்.]

"பலகை வேண்டாம், சோலார் கம்பெனிக்கு விட்டால்?" என்று மாமா கேட்டார். ஒரு பேனல் சுமார் 28 கிலோ. மூன்று கிலோவாட்டுக்கு ஆறு பேனல், ஏறக்குறைய 300 சதுர அடி. இங்கேயும் எடை பிரச்சினை இல்லை, காற்றுதான். துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் சட்டம் கட்டச் சொல்கிறோம். அடியில் நுழையும் காற்று பேனலை மேலே தூக்கும். அதனால் சான்று கேட்பது இதற்கும் பொருந்தும்.

ஆனால் வாடகை விஷயத்தில் ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டில் ஓர் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமைக்கு உட்பட்டுத்தான் சோலார் போட முடியும். ஐந்து கிலோவாட் இணைப்புள்ள வீட்டில் ஐம்பது கிலோவாட் போட்டு மாதம் லட்ச ரூபாய் வாடகை தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம். அதற்கு முன்பணமாகப் பதிவுக் கட்டணம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான். உண்மையான நிறுவனங்கள் தேடுவது மில், கிடங்கு, கல்லூரி மாதிரிப் பெரிய கூரைகளை. அங்கும் பெரும்பாலும் வாடகை தர மாட்டார்கள். கூரைக்குக் கீழே இருப்பவருக்கே குறைந்த விலையில் மின்சாரம் விற்பார்கள், இருபத்தைந்து வருட ஒப்பந்தத்தில். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

காலிச் சுவரில் பேனல் மாட்டுவது நம் ஊருக்குச் சரிவராது. கோடையில் சூரியன் உச்சிக்கு வந்துவிடும், செங்குத்தான சுவர் அதைப் பார்க்காது.

மாமா முதல் இரண்டையும் ஏஜென்டிடம் கேட்டார். "ரெண்டு நாள்ல கொண்டு வரேன் சார்" என்று போனவர் வரவில்லை. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் pmsuryaghar.gov.in தளத்தில் மாமா தன் பெயரிலேயே விண்ணப்பித்தார். மூன்று கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் வருகிறது. போட வந்தவர்கள் கால்களைத் தளத்தில் போல்ட் அடிக்கத் தொடங்கியபோது மாமா நிறுத்தச் சொல்லி, தூண்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டு வரைபடத்தை எடுத்து விரித்துக் காட்டினாராம்.