கஞ்சியில் நின்ற அரண்மனை

நேயர்களுக்கு வணக்கம். முதலாம் எலிசபெத் மகாராணியின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். கழுத்தைச் சுற்றித் தட்டு மாதிரி வெள்ளை மடிப்பு, இடுப்புக்குக் கீழே பீப்பாய் மாதிரி பாவாடை. அந்தப் பாவாடைக்குள் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனைகளில் உடம்பின் வடிவத்தைத் துணி தரவில்லை. துணிக்குள் ஒளிந்திருந்த விறைப்புதான் தந்தது.

உள்ளேயிருந்து வருவோம். உடம்பில் படுவது லினன் சட்டை. மேலே போடும் வெல்வெட்டையும் பட்டையும் துவைக்க முடியாது. வேர்வையை வாங்கிக்கொண்டு துவைக்கப் போவது இந்தச் சட்டைதான். அதன்மேல் விறைப்பான மேலுடுப்பு. நாணல் குச்சியோ திமிங்கிலத் தாடைத் தகடோ வைத்துத் தைத்தது; நடுமார்பில் ஒரு மரத்தகட்டைச் செருகியிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு குனிந்து எதையும் எடுக்க முடியாது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆட்கள் இருந்தார்களே!

இடுப்புக்குக் கீழே ஃபார்திங்கேல், அதாவது வளையம் வைத்துத் தைத்த உள்பாவாடை. இது ஸ்பெயினில் பிறந்தது. மேலே சின்ன வளையம், கீழே போகப் போகப் பெரிய வளையம் என்று கூம்பு வடிவில் இருக்கும். 1501-இல் ஸ்பெயின் இளவரசி அரகோனின் கேத்தரின் லண்டன் வந்தபோது இதை அணிந்து வந்தார். நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு பாணி வந்தது. இடுப்பிலேயே சக்கரம் மாதிரி அகன்று, பாவாடை அதன் விளிம்பிலிருந்து நேராகக் கீழே விழும். நான் முதலில் சொன்ன பீப்பாய் இதுதான். இதற்கெல்லாம் மேல்தான் வெளிப்பாவாடையும் கவுனும் வரும். கை மட்டும் தனித் துண்டு. கயிறு போட்டுத் தோளில் கட்டிக்கொள்வார்கள்.

சரி, இனி எனக்குப் பிடித்த சங்கதி. கழுத்து மடிப்பு. அதற்கு ரஃப் என்று பெயர். ஐந்தாறு கெஜம் மெல்லிய லினன் பட்டையை நெருக்கி நெருக்கிச் சுருக்கி, ஒன்றரைச் சாண் சொச்சம் நீளமுள்ள கழுத்துப் பட்டையில் தைத்துவிடுவார்கள். தைத்தவுடன் அது துவண்டு தொங்கும். அதை நிற்க வைப்பது கஞ்சி. ஆமாம், நம் வீட்டில் வேட்டிக்குப் போடுகிறோமே, அதே சங்கதிதான். அங்கே கோதுமைக் கஞ்சி.

இங்கிலாந்தில் அந்த வித்தை தெரிந்தவர்கள் அப்போது அதிகம் கிடையாது. 1564-இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து கணவரோடு லண்டனுக்கு வந்தார் டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற பெண்மணி. கஞ்சி போடச் சொல்லித்தர நாலைந்து பவுண்டு வாங்கினார். கஞ்சி காய்ச்சச் சொல்லித்தர இருபது ஷில்லிங், அதாவது இன்னொரு பவுண்டு. பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பெண்களையும் உறவுக்காரப் பெண்களையும் அனுப்பிக் கற்றுக்கொள்ள வைத்தார்கள்.

கஞ்சி போட்டால் மட்டும் போதாது. பாதி ஈரமாக இருக்கும்போதே, சூடான இரும்புக் குச்சியை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விட்டு எட்டு போல வளைத்து நிறுத்த வேண்டும். நாடக மேடைக்காக நான் செய்து பார்த்திருக்கிறேன். குச்சி சூடு ஆறினால் மடிப்பு நிற்காது. அதிகம் காய்ந்தால் துணி பழுப்பேறிவிடும். அதனால் முதலில் ஒரு துண்டுத் துணியில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். ஒரு மடிப்பு சாய்ந்தால் பக்கத்து மடிப்பும் கூடவே சாயும். இத்தனை பாடுபட்டதை அடுத்த முறை துவைத்தால் மறுபடி வெறும் பட்டைதான்! எல்லாம் முதலிலிருந்து. மழை பெய்தால் கதையே வேறு. ஈரம் பட்டதும் கஞ்சி இளகி, மடிப்பு தோளில் பாத்திரம் துடைக்கும் துணி மாதிரி விழுந்துவிடும் என்று 1583-இலேயே பிலிப் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுதிக் கேலி செய்தார். கஞ்சிக்கு அவர் வைத்த பெயர் பிசாசின் திரவம். மனிதருக்கு அத்தனை கோபம்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். ஆண்களைப் பற்றி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போட்டது டப்ளெட் என்ற இறுக்கமான மேல்சட்டை. உள்ளே பஞ்சும் குதிரைமயிரும் கந்தலும் திணித்து, வயிறு முன்னால் கூம்பித் தொங்குகிற மாதிரி தைப்பார்கள். இளைஞர்களுக்கும் தொப்பை! அதன் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். தொடையைச் சுற்றி உப்பிய ஹோஸ் என்ற கால்சட்டையை நாடா கோத்து அந்தத் துளைகளில் கட்டிக்கொள்வார்கள். கட்டவில்லையென்றால் அது நிற்காது. இந்த ஹோஸ் பெருத்துக்கொண்டே போனதால் எலிசபெத் அரசு 1562-இல் அளவுக் கட்டுப்பாடே போட்டது. 1565-இல் ரிச்சர்ட் வால்வின் என்ற வேலைக்காரர் அளவுக்கு மீறிய ஹோஸ் போட்டு லண்டனில் பிடிபட்டார். ஒழுங்கான ஒன்றை வாங்கும்வரை அவரை விடவில்லை. அந்தப் பெரிய ஹோஸை மட்டும், ஊரார் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று பொதுமண்டபத்தில் வைக்க உத்தரவு போட்டார்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.