ஊருக்குக் கிளம்பும் முன் கண்ணாடிக்கும் ஒரு பை

வணக்கம் நேயர்களே. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பவர் சீட்டுகளைப் படித்து வருகிறவன் நான். வெளியூர்ப் பயணத்தில் கண்ணாடி உடைந்தோ தொலைந்தோ போனவர்கள் கடைக்குப் போன் போட்டுக் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என் பவர் என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்." அந்தப் போனே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கண்ணாடி மைனஸ் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டால் சுமார் 25 சென்டிமீட்டர் தூரம் வரைதான் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். 100 சென்டிமீட்டரைப் பவரால் வகுத்தால் அந்தத் தூரம் வந்துவிடும். இதை வீட்டிலேயே நிதானமாகப் போட்டுப் பாருங்கள். ரயில் நிலையத்தில் பெட்டி எண் காட்டும் பலகை, பிளாட்பாரத்தில் உங்களைத் தேடி நிற்கும் உறவினர் முகம், லாட்ஜ் மாடிப்படியின் கடைசிப் படி எல்லாமே அந்தத் தூரத்துக்கு அப்பால்தான் இருக்கின்றன.

சரி, சீட்டுக்கு வருவோம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், மனைவியோடு காசிக்குப் போயிருந்தார். காசி, அப்புறம் பிரயாகை, கயா என்று போகிற வழக்கமான யாத்திரை. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் லாட்ஜ் கட்டிலில் கழற்றி வைத்த கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஃப்ரேம் முறிந்து போயிற்று. பவர் சீட்டு ஊரில், பீரோவுக்குள்ளே. பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கடையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எங்கள் கடைக்குப் போன் செய்தார். பேரேட்டைப் பார்த்து நான் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வலது கண் மைனஸ் 4.50, சிலிண்டர் மைனஸ் 1.25, ஆக்சிஸ் 170. இடது கண் மைனஸ் 4, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆக்சிஸ் 10. தெருச் சத்தம், விட்டு விட்டுக் கேட்கும் லைன், நடுவில் ஆசிரியர் வாங்கித் திருப்பிச் சொல்கிறார். 'ஒன் செவன்ட்டி' என்று நான் சொன்னது அந்தப் பக்கத்தில் 'ஒன் செவன்டீன்' என்று விழுந்திருக்கிறது. 170 என்பது 117 ஆகிவிட்டது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். சிலிண்டர் பவர் என்பது லென்ஸில் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் வேலை செய்கிற பவர். அந்தத் திசையைச் சொல்கிற எண்தான் ஆக்சிஸ். திசை 30 டிகிரி தவறினால், சிலிண்டர் போட்ட பலன் முழுக்கப் போய்விடும். அதற்கு மேலும் தவறினால், சிலிண்டரே போடாமல் இருந்ததைவிட மோசமாகத் தெரியும். இவருக்கு 53 டிகிரி தவறிவிட்டது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கங்கைக் கரைக்குப் போனவருக்குப் படித்துறைப் படிகள் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்திருக்கின்றன. காசிப் படித்துறைகள் எவ்வளவு செங்குத்து என்று போனவர்களுக்குத் தெரியும். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். சாயங்காலம் ஆரத்தி பார்க்க முடியாத அளவுக்குத் தலைவலி. வயதின் தளர்ச்சி, பயணக் களைப்பு என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டார். ராத்திரி மறுபடி போன் வந்தபோது, "ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள்" என்றேன். இடது கண்ணுக்கு நிலை நேராக இருந்தது. வலது கண்ணுக்குச் சாய்ந்து, கோடு மங்கித் தெரிந்தது. அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். மறுநாள் அந்தக் கடைக்காரர் வலது லென்ஸை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

அதனால்தான் சொல்கிறேன், பவரைப் போனில் வாயால் சொல்லி வாங்காதீர்கள். எழுத்தில்தான் போக வேண்டும். எந்த ஊரில் புதுக் கண்ணாடி வாங்கினாலும், காசு கொடுப்பதற்கு முன் கடை வாசலில் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிர்க்கடைப் பெயர்ப் பலகையையும் கதவு நிலையையும் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால், நல்ல கண் கெட்ட லென்ஸை மறைத்துவிடும்.

சீட்டு என்றதும் நிறையப் பேர் எடுத்து நீட்டுவது கம்ப்யூட்டர் மெஷினில் முகவாயை வைத்துப் பார்த்தபோது வந்த சின்னத் துண்டுக் காகிதம். அது உங்கள் பவர் சீட்டு அல்ல. மெஷின் போட்ட ஆரம்பக் கணக்கு அது. அதை வைத்துக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்வதுதான் கண்ணாடிக்குப் போக வேண்டிய பவர். போதாததற்கு அந்தத் துண்டு பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் அச்சாகும் காகிதம். வெயில் படும் பையில் கிடந்தால் சில மாதங்களில் எழுத்து வெளுத்துப் போகும். பரிசோதித்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சீட்டிலும் பெரும்பாலும் ஓர் எண் விட்டுப் போயிருக்கும். இரண்டு கருவிழிகளின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம் அது. கடைகளில் பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்கு மில்லிமீட்டர் கணக்கில் ஐம்பத்துச் சொச்சத்திலிருந்து எழுபத்துச் சொச்சம் வரை இருக்கும். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேரே உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினால் குறைந்த பவர்காரர்களுக்குத் தெரியாது. மைனஸ் 4, 5 உள்ளவர்களுக்குச் சில மில்லிமீட்டர் விலகினாலே கண்ணை இழுக்கிற மாதிரி இருக்கும். கண்ணாடி செய்கிற கடையில் இதை எப்படியும் அளப்பார்கள். "சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அப்புறம், இந்தச் சீட்டு எங்கே இருக்க வேண்டும்? செல்போனில் ஒரு படம், பர்ஸில் ஒரு நகல், கூட வருகிறவர் போனில் இன்னொரு படம். கண்ணாடி இல்லாமல் தன் போனையே தேட முடியாதவர்கள் உண்டு. அதனால் அந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். படம் எடுத்ததும் பெரிதாக்கிப் பார்த்து, மைனஸ் குறி, புள்ளி எல்லாம் தெரிகிறதா என்று சரிபாருங்கள். மைனஸ் குறி மங்கினால் பிளஸ் ஆகிவிடும்.

ஆசிரியர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் போட்டிருந்தது தூரத்துக்கும் படிக்கவும் சேர்ந்த பைஃபோகல். காசியில் அவருக்குக் கிடைத்தது தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி. ஒற்றைப் பவர் லென்ஸ், சிலிண்டர் 2க்குள் இருந்தால், பல கடைகளில் தயாராகவே கிடக்கும். ஒரு மணி நேரத்தில் வெட்டிப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பைஃபோகல், கோடு தெரியாமல் பவர் படிப்படியாக மாறுகிற புரோகிரஸிவ் எல்லாம் ஆர்டர் கொடுத்து வர வேண்டும், பல நாள் ஆகும். யாத்திரைக்காரர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். ஆகவே அந்த மாதிரிக் கண்ணாடி போடுகிறவர்கள் மாற்றுக் கண்ணாடியை ஊரிலிருந்தே கொண்டு போக வேண்டும்.

மாற்றுக்கு இன்னொரு விலை உயர்ந்த புரோகிரஸிவ் வேண்டாம். அதே தூரப் பவரில், சாதாரண ஃப்ரேமில், ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று போதும். மைனஸ் 3, 4 உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். படிப்பதற்கு மட்டும் பிளஸ் போடுகிறவர்களுக்குக் கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியே கைகொடுக்கும். ஆனால் அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிலிண்டர் கிடையாது. இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறாக இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

பழைய கண்ணாடியை எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அதை ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வீட்டு வேலையைப் பாருங்கள். தெருமுனையில் வரும் பஸ்ஸின் போர்டு படிக்க முடிகிறதா, மாடிப்படி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது மாற்றுக் கண்ணாடி. தலை சுற்றினால் பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த மாற்றுக் கண்ணாடி கெட்டிப் பெட்டியில், வேறு பையில் இருக்க வேண்டும். போட்டிருக்கும் கண்ணாடியும் மாற்றும் ஒரே கைப்பையில் இருந்தால், பை போகும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். இன்னொரு உபயோகமும் அதற்கு உண்டு. சீட்டே இல்லாமல் போனாலும், கண்ணாடிக் கடைக்காரர் லென்சோமீட்டர் என்ற கருவியில் வைத்து அதன் பவரைப் படித்துவிடுவார். உடைந்த கண்ணாடியையும் அதனால்தான் எறியக் கூடாது. லென்ஸ் ஃப்ரேமிலேயே இருந்தால் ஆக்சிஸும் தெரியும். கழன்று தனியாகக் கிடந்தால் பவர் தெரியும், திசையை நம்பிச் சொல்ல முடியாது.

இனி பழுது பார்க்கும் சின்னப் பை. பயணத்தில் அதிகம் நடப்பது லென்ஸ் உடைவது அல்ல, ஸ்க்ரூ கழன்று விழுவதுதான். நாள் கணக்கில் ரயிலிலும் பஸ்ஸிலும் அதிர்ந்து அதிர்ந்து, காதில் மாட்டும் கை ஃப்ரேமோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ தளரும். கை வழக்கத்தைவிட லேசாக ஆட ஆரம்பித்தால் அது முன்னறிவிப்பு. அப்போதே ஒரு திருகு திருகிவிடுங்கள். கிளம்பும் முன் நீங்கள் வாங்கிய கடைக்கே போய், உங்கள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் ஸ்க்ரூ இரண்டு, அதற்கேற்ற குட்டி ஸ்க்ரூடிரைவர், மூக்கில் உட்காரும் ரப்பர் பேடு ஒரு ஜோடி கேளுங்கள். பொதுவாக விற்கும் செட்டில் உள்ள ஸ்க்ரூ உங்கள் ஃப்ரேமுக்குப் பெரிதாகவோ குட்டையாகவோ இருக்கலாம். பேடிலும் ஸ்க்ரூ வைப்பது, அழுத்தி மாட்டுவது என்று வகை உண்டு.

மாட்டும்போது மடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ விழுந்தால் கண்ணாடி இல்லாத கண்ணால் ரயில் பெட்டித் தரையில் தேட முடியாது. துளைகள் நேராகச் சேர்ந்த பிறகு, ஸ்க்ரூவை மேலிருந்து இறக்கி, வலப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள். தலையில் ஒரு சொட்டு நிறமில்லாத நகப்பூச்சு வைத்தால் திரும்பக் கழலாது. ஸ்க்ரூ கிடைக்கவே இல்லையென்றால் துளை வழியே தையல் நூலைப் பல சுற்று விட்டுக் கட்டுங்கள், ஊர் வந்து சேரும் வரை தாங்கும். உடனே ஒட்டும் சூப்பர் பசையை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதிலிருந்து எழும் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். கீலுக்குள் இறங்கிவிட்டால் கை மடங்காது, கடையிலும் சரிசெய்ய முடியாது. விமானத்தில் போகிறவர்கள் ஸ்க்ரூடிரைவரைச் சோதனையில் எடுத்துவிடாமல் இருக்க, ஏற்றி அனுப்பும் பெட்டியில் வையுங்கள். நூல் கைப்பையில் இருக்கட்டும்.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். கடலிலும் தீர்த்தத்திலும் குளிப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும் இடத்துக்கும், அலையில் இறங்கவும் கண்ணாடியைக் கழற்றிக் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் துணியால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் அலசிய பிறகு துடையுங்கள். குரங்குகள் உள்ள கோயில்களில் கண்ணாடிக்குப் பின்கயிறு போட்டுக்கொள்ளுங்கள், அல்லது அந்த இடம் தாண்டும் வரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடங்கள். வணக்கம்.