நேற்றைய விலையே நாளைய கணிப்பு

வணக்கம். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது காரைக்குடியில் ஓய்வாக இருப்பவன் நான். சித்தப்பா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். கானாடுகாத்தானில் இருக்கும் பழைய வீட்டில் ஓடு மாற்ற வேண்டும், அதற்குப் பணம் அனுப்ப வேண்டும். போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அண்ணே, இப்ப அனுப்பவா, அடுத்த மாசம் டாலர் ஏறுமா?"

எங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. 1927க்குப் பிறகு ஒரு ரூபாய் 18 பென்ஸ் என்று நிர்ணயித்திருந்தார்கள். மலாயாவின் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் அதற்கு முன்பிருந்தே 28 பென்ஸ். இரண்டும் பவுண்டில் கட்டிப்போட்ட மாடுகள். பினாங்கில் கடை வைத்திருந்த செட்டியார் ஒரு டாலரை ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று பேரேட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.

1973இல் பெரிய நாணயங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மிதக்க ஆரம்பித்தன. உடனே கோட்பாடுகளும் வந்தன: பணப்புழக்கம், வட்டி, வருமானம், வர்த்தகப் பற்றாக்குறை என்று எல்லாவற்றையும் சமன்பாட்டில் போட்டு நாளைய விலையைச் சொல்லும் மாதிரிகள். 1983இல் மீஸ், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் அவற்றைச் சோதித்தார்கள். அமெரிக்க டாலருக்கு எதிராக ஜெர்மன் மார்க், யென், பவுண்ட். ஒரு மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் முன்னோக்கிய கணிப்பு. எதிர்த்தரப்பில் ஒரு சோம்பேறி: 'இன்று என்ன விலையோ அதுதான் அன்றும்' என்று மட்டும் சொல்வது. சமவாய்ப்பு நடை என்று இதற்குப் பெயர். வட்டியும் பணப்புழக்கமும் பின்னால் உண்மையில் எவ்வளவு ஆயின என்பதையே மாதிரிகளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பரீட்சைத் தாளை முன்கூட்டியே காட்டியது போல. அப்படியும் மாதிரிகளால் சோம்பேறியை ஜெயிக்க முடியவில்லை.

ஏன்? பைசாக் கணக்கில் பார்ப்போம். சிங்கப்பூர் டாலர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது மாதம் 15 பைசா வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. இது உண்மையான போக்கு. அதே நேரம் செய்தி, வதந்தி, எண்ணெய் விலை என்று மாதத்துக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 20 பைசா இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அந்த 15 பைசாவை யாரும் நமக்குச் சொல்லமாட்டார்கள், பழைய விலைகளிலிருந்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து வருடம், அதாவது 60 மாத விலை கையில் இருக்கிறது. மாதாமாதம் விலை மாறியதன் சராசரி எடுத்தால் பிழை எவ்வளவு? ஆட்டத்தை 60இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அது சுமார் 7.75. விடை 15 பைசாவுக்குச் சற்று மேல்.

அதாவது தேடும் பொருளும் தேடுவதில் வரும் பிழையும் ஒரே அளவு. உங்கள் கணக்கு மாதம் 30 பைசா என்றும் சொல்லும், சுழியம் என்றும் சொல்லும். போக்கு நிஜமாகவே இருந்தும், அதை அளக்க முயன்றவர் 'மாற்றம் இல்லை' என்றவரைவிட மேலாக வரவில்லை. இதற்கே ஒரே ஒரு எண்ணைத்தான் தேடினோம். ஆறேழு எண்களை ஒன்றாகத் தேடும் மாதிரியில் பிழைகள் கூடிக்கொண்டே போகும். பழைய விலைகளோடு அழகாகப் பொருந்தும், புதிய மாதம் வந்ததும் நழுவும். அதனால் ஒரு மாதிரியைக் காட்டுபவரிடம், அதை உருவாக்கப் பயன்படுத்தாத மாதங்களில் அது எப்படி இருந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய விலையில் பெரும்பங்கு, நாளை பற்றிய எதிர்பார்ப்பே. அடுத்த வாரம் வட்டி ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்தால், வாங்குபவர்கள் அடுத்த வாரம் வரை காத்திருப்பார்களா? இன்றே வாங்கி இன்றே விலையை ஏற்றிவிடுவார்கள். மிச்சமிருப்பது எதிர்பாராத செய்தி மட்டும். எதிர்பாராததை எப்படிக் கணிப்பது?

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 60 என்று கணித்தால் 60இலேயே நிற்கும் என்று அர்த்தமில்லை. ஆட்டம் காலத்தின் வர்க்கமூலமாக விரியும்: ஒரு வருடத்தில் ஏறக்குறைய 4 ரூபாய் மேலேயோ கீழேயோ. மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டும். விலைவாசி தாறுமாறாக ஏறும் நாட்டு நாணயத்தில் மாதப் போக்கே பெரியது, அங்கே சோம்பேறி தோற்பான். நமக்கும் ஐந்து வருடம் என்றால் போக்கு 9 ரூபாய், ஆட்டமும் 9 ரூபாய். அவ்வளவு தூரத்தில் விலைவாசி வித்தியாசத்தைப் பார்க்கும் முறைகளுக்கு ஓரளவு வாய்ப்புண்டு. ஓடு மாற்ற அவ்வளவு நாள் தாங்காது.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதுடா, கொத்தனார் எப்ப வர்றாரோ அப்ப அனுப்பு" என்றேன். பாதியை அனுப்பிவிட்டான். மீதிக்கு இனிமேல் ரேட்டே பார்க்கமாட்டேன் என்றான். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "அண்ணே, இருபது பைசா ஏறியிருக்கே, பார்த்தீங்களா?"