வட்டியில்லாத் தவணையில் ஒளிந்திருக்கும் 9.6% வட்டி!

[திரையில்: ஒரு வாஷிங் மெஷின். அதன்மேல் இரண்டு அட்டைகள். "12 மாதத் தவணை, வட்டி 0%". "ரொக்கம் கொடுத்தால் 5% தள்ளுபடி".]

வணக்கம் நண்பர்களே. இந்த இரண்டு அட்டைகளில் எதைத் தொடுவீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு, கணக்கு எதுவும் போடாமல் மனதில் படுவதை கமெண்டில் எழுதுங்கள். பிறகு வந்து மாற்றக் கூடாது, சரியா?

எண்களை எளிதாக வைத்துக்கொள்வோம். மெஷினின் விலை 12,000. எந்த நாட்டுப் பணம் என்பது உங்கள் விருப்பம். தவணையில் எடுத்தால் மாதம் 1,000 வீதம் 12 மாதம், முதல் தவணை அடுத்த மாதம். ரொக்கமாகக் கொடுத்தால் 600 குறைத்து 11,400.

இதே மாதிரி ஒரு கவுன்டரில் நானும் நின்றிருக்கிறேன். அப்போது நான் போட்ட கணக்கு இதுதான்: "கையில் இருக்கும் 12,000-ஐ 6% வட்டி தரும் கணக்கில் போட்டால் வருடத்துக்கு 720 கிடைக்கும். தள்ளுபடியோ வெறும் 600. தவணைதான் லாபம்!" கடைக்காரரையே ஏமாற்றிவிட்ட பூரிப்போடு கையெழுத்துப் போட்டேன். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று இப்போது பாருங்கள்.

[திரையில்: வங்கிக் கணக்கின் பக்கம். தலைப்பில் 11,400.]

ரொக்கம் கொடுப்பதற்கு வைத்திருந்த 11,400-ஐ அப்படியே கணக்கில் போடுகிறோம். வருடத்துக்கு 6% என்றால் மாதத்துக்கு அரை சதவீதம். முதல் மாத முடிவில் வட்டி 57. இருப்பு 11,457. அதில் 1,000 தவணைக்குப் போகிறது, மீதி 10,457. இரண்டாம் மாத வட்டி 52 சொச்சம். தவணை போனதும் மீதி 9,509. மூன்றாம் மாதம் வட்டி 48-க்கும் கீழே வந்துவிட்டது.

கவனித்தீர்களா? வட்டி மாதாமாதம் இளைத்துக்கொண்டே போகிறது. நான் 720 என்று கனவு கண்டது, முழுப் பணமும் வருடம் முழுக்கக் கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் வரும் வட்டி. ஆனால் அதிலிருந்துதான் மாதம் 1,000 எடுத்துக்கொண்டிருக்கிறேனே! ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்த கதை. 12-ஆம் மாதம் கடைசித் தவணை கட்டப் போனால் கணக்கில் இருப்பது சுமார் 768. இன்னும் 232 கையிலிருந்து போட வேண்டும்.

அதாவது 11,400-ஐ வைத்து எல்லாத் தவணைகளையும் கட்டி முடிக்க முடியவில்லை. அப்படியானால் முடிப்பதற்கு இன்று எவ்வளவு தேவை? 11,619. இந்தத் தொகைக்குப் பெயர்தான் தவணைகளின் "இன்றைய மதிப்பு". 11,619-ஐ விட 11,400 குறைவு. ரொக்கம் 219 மலிவு.

(வரலாறு ஒரே வரியில்: 1613-லேயே லண்டனில் ரிச்சர்ட் விட் என்பவர் இதற்கான கூட்டுவட்டி அட்டவணைகளை அச்சிட்டுவிட்டார். நாம் 400 வருடம் தாமதம். மேலே போவோம்.)

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 5% தள்ளுபடி என்பது பார்க்கச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தவணையில் நீங்கள் பணத்தை எத்தனை நாள் கையில் வைத்திருக்கிறீர்கள்? முதல் 1,000-ஐ ஒரு மாதம், கடைசி 1,000-ஐ 12 மாதம். சராசரி ஆறரை மாதம்தான். அந்த ஆறரை மாதத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது 11,400-க்கு 600, அதாவது 5.26%. அதை 12 மாதத்துக்கு நீட்டினால் 9.7% வருகிறது. துல்லியமாகப் போட்டால் 9.6%. ஆக, தள்ளுபடியை விடுபவருக்கு அது 9.6% வட்டிக் கடன். அட்டையில் பூஜ்யம் என்று போட்டிருப்பது பொய்யல்ல, அதன் வட்டி பக்கத்து அட்டையில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. இதே 5% தள்ளுபடி, ஆனால் தவணை 6 மாதம்தான் என்றால்? கடன் சீக்கிரம் முடிகிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சராசரி மூன்றரை மாதமாகக் குறைந்துவிட்டதால் அந்த மறைந்த வட்டி ஏறத்தாழ 18% ஆகிவிடுகிறது! தவணைக் காலம் குறையக் குறைய, ரொக்கத் தள்ளுபடிக்குப் பலம் கூடுகிறது. இதை முதல்முறை போட்டுப் பார்த்தபோது நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

விரிதாள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே தட்டுங்கள். முதல் வரி இன்றைய மதிப்பைத் தரும். இரண்டாவது வரி மறைந்திருக்கும் மாத வட்டியைத் தரும். 12-ஆல் பெருக்கினால் வருட வட்டி.

```
=PV(0.5%,12,-1000)
=RATE(12,-1000,11400)
```

அப்படியானால் எப்போதும் ரொக்கம்தானா? அவசரப்படாதீர்கள். 6% என்பது சேமிப்பில் பணம் தூங்குகிறவரின் கணக்கு. உங்களுக்கு 18% வட்டியில் ஒரு பழைய கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த 11,400-ஐ வைத்து அதை இன்றே குறைக்கலாம் என்றால், உங்கள் பணத்தின் வேலை மதிப்பு 18%. அந்த விகிதத்தில் தவணைகளின் இன்றைய மதிப்பு 10,908-க்கு இறங்கிவிடும். இப்போது தவணைதான் மலிவு, 492 வித்தியாசத்தில். ஒரே மெஷின், ஒரே கடை, இருவருக்கு இரண்டு பதில். ஆனால் அந்தப் பணம் உண்மையிலேயே பழைய கடனுக்குப் போக வேண்டும். செலவழிந்து போனால் இந்தக் கணக்கு செல்லாது. டெபாசிட் வைத்திருப்பவர்கள் வரி போக மிஞ்சும் வட்டியைத்தான் போட வேண்டும். தள்ளுபடியே கிடையாது என்று கடை சொல்லிவிட்டால், வேறு கட்டணமும் இல்லையென்றால், தயங்காமல் தவணை.

[திரையில்: ரசீதின் அடிப்பகுதி, பூதக்கண்ணாடியில்.]

கடைசியாக, ரசீதின் பொடி எழுத்து. உங்கள் பணம் 12% வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவணைகளின் இன்றைய மதிப்பு 11,255. ரொக்கத்தை விட 145 மலிவு, தவணை ஜெயித்துவிட்டது. அப்புறம் கீழே ஒரு வரி: "பிராசஸிங் கட்டணம் 150, இப்போதே செலுத்த வேண்டும்". அதைக் கூட்டினால் 11,405. தவணை 5 வித்தியாசத்தில் தோற்றுவிட்டது! அந்த 150-ஐ யார் இவ்வளவு கச்சிதமாக நிர்ணயித்தார்கள் என்று கேட்காதீர்கள், இந்த உதாரணத்தில் அந்த ஆள் நான்தான்.

கட்டணமே இல்லை, ஆனால் முதல் தவணையை இன்றே கட்டச் சொல்கிறார்கள் என்றால்? எல்லாத் தவணைகளும் ஒரு மாதம் முன்னால் நகர்கின்றன. சராசரி ஐந்தரை மாதம், மறைந்த வட்டி 9.6%-லிருந்து 11.4%-க்குத் தாவுகிறது. விரிதாளில் இப்படி எழுத வேண்டும்:

```
=RATE(12,-1000,11400,0,1)
```

உங்கள் வீட்டில் தவணையில் வாங்கிய பொருளின் ரசீதை எடுங்கள். தவணைத் தொகை, எத்தனை மாதம், அன்றைய ரொக்க விலை, கட்டணம் எவ்வளவு. இந்த நான்கையும் கமெண்டில் போடுங்கள். முதலில் வரும் ஐம்பது பேருக்கு மறைந்த வட்டியைப் போட்டுச் சொல்கிறேன். என்னுடைய ரசீதை முதல் கமெண்டாகப் பின் செய்திருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.