விற்பனையோடு சேர்ந்து ஒளிந்து ஏறும் செலவு: ஒரு சுப்பர்மார்க்கெட்டின் ஐந்து வருடக் கணக்கு

[திரையில்: கொழும்பு வரைபடம். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை உட்படப் பத்துப் புள்ளிகள்]

வணக்கம். கொழும்பில் பத்துக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சுப்பர்மார்க்கெட் கம்பனியின் கணக்கை இன்று பார்க்கப்போகிறோம். கம்பனி கற்பனை. எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் அந்த வருடங்களில் நாட்டில் ஏறிய விலையும் மின்கட்டணமும் உண்மை. அவற்றை ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் படிக்க முடியாது.

2020/21 நிதியாண்டில் விற்பனை 4,000 மில்லியன் ரூபா. 2024/25இல் 7,800 மில்லியன். நிதிச் செலவுக்கும் வரிக்கும் முந்திய தொழிற்பாட்டு இலாபம் 120 மில்லியனிலிருந்து 148 மில்லியனாகியிருக்கிறது. முதலாளிக்கு இரண்டும் நல்ல சேதிதான். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

[திரையில்: எக்செல் தாள். ஐந்து வருடங்கள் B முதல் F வரை. 5ஆம் வரிசை விற்பனை, 9ஆம் வரிசை விற்பனை மற்றும் விநியோகச் செலவு]

நாம் செய்யப்போவது இரண்டே வேலைகள். முதலாவது, பொது அளவுக் கூற்று. கணக்குத் தாளில் அந்தந்த வருடத்தின் ஒவ்வொரு வரியையும் அதே வருட விற்பனையால் வகுக்கிறோம். விற்பனை நூறு ரூபா என்றால் அதில் எது எத்தனை ரூபா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, போக்குப் பகுப்பாய்வு. முதல் வருடத்தை 100 என்று வைத்து, அதே வரி பிந்திய வருடங்களில் எத்தனையாக வளர்ந்தது என்று பார்க்கிறோம். எக்செலில் இவ்வளவுதான்:

```
=B9/B$5
=C9/$B9*100
```

டொலர் குறி எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மேலே வரிசை பூட்டப்பட்டிருக்கிறது, கீழே நிரல். இதை மாற்றிப் போட்டால் விடை வரும், ஆனால் பிழையான விடை.

சரி, நூற்றுக்கு மாற்றியதும் என்ன தெரிகிறது? தொழிற்பாட்டு இலாபம் 3.0 சதவீதத்திலிருந்து 1.9 ஆக இறங்கியிருக்கிறது. நூறு ரூபாவுக்கு விற்று மூன்று ரூபா மிச்சம் பிடித்த கம்பனி இப்போது இரண்டு ரூபாகூடப் பிடிக்கவில்லை.

[திரையில்: மின்கட்டணம், விற்பனையின் சதவீதமாக: 1.2, 1.1, 1.9, 1.7, 1.4]

எல்லார் கண்ணும் முதலில் இங்கேதான் போகும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். குளிர்ப்பெட்டிகள் இரவு பகலாக ஓடும் கடைக்கு அது பலமான அடி. ஆனாலும் இந்த வரி எனக்குப் பெரிய கவலை தரவில்லை. திடீரென்று ஏறியது, காரணம் ஊருக்கே தெரியும், பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டபோது இதுவும் இறங்கியது. நாம் தேடுவது வேறு மாதிரியான வரி.

[திரையில்: விற்பனை மற்றும் விநியோகச் செலவு: 3.0, 3.2, 3.3, 3.6, 3.9]

இதோ. ஒரு வருடம்கூட இறங்கவில்லை, ஒரு வருடம்கூடப் பாயவுமில்லை. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால் 0.1, 0.2, 0.3 என்றுதான் தெரியும். அதற்காக யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் 0.9 என்று தெரிகிறது. 7,800 மில்லியனில் 0.9 சதவீதம் என்பது ஏறக்குறைய 70 மில்லியன் ரூபா. கம்பனியின் தொழிற்பாட்டு இலாபமே 148 மில்லியன்தான்.

போக்கு எண்ணும் இதையே சொல்கிறது. விற்பனை 100இலிருந்து 195. இந்தச் செலவு 100இலிருந்து 253.

இப்போது நடுவிலிருக்கும் 2022/23ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கதை ஒளிந்திருப்பது அங்கேதான். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. நம் கம்பனியின் விற்பனையும் அந்த வருடம் 4,600 மில்லியனிலிருந்து 6,500 மில்லியனுக்குத் தாவியது. கூடியது பெரும்பாலும் விலைதான், பொருளின் அளவு அல்ல. இதில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. பழைய விலைக்கு வாங்கிய இருப்பைப் புதிய விலைக்கு விற்றதால் மொத்த இலாபம், அதாவது விற்ற விலையில் வாங்கிய விலை போக மிஞ்சுவது, 14.1 சதவீதத்திலிருந்து 15.2க்கு ஏறியது, செலவு ஏறியதை அது மூடிவிட்டது. அப்புறம், வகுக்கும் எண் ஊதிப்பெருத்ததால் சம்பளம், வாடகை போன்று விலையளவுக்கு வேகமாக ஏறாத செலவுகளின் சதவீதம் தானாகவே இறங்க வேண்டும். அப்படிப்பட்ட வருடத்திலும் ஒரு வரி 3.2இலிருந்து 3.3 ஆகியிருக்கிறது என்றால், அது அமைதியாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ரூபாவில் அது 147 மில்லியனிலிருந்து 215 மில்லியனுக்குப் போயிருக்கிறது.

அடுத்த வருடங்களில் விலை நிலைப்பட்டது, மொத்த இலாபம் பழையபடி 14.0க்கு வந்தது. மூடி விலகியதும் தொழிற்பாட்டு இலாபம் குறைந்தது. கூட்டத்தில் "இந்த வருடம் போட்டி அதிகம்" என்றார்கள். உண்மையில் மொத்த இலாபம் முதல் வருடத்தில் இருந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறது. இலாபத்தைத் தின்றது அதற்குக் கீழே வரும் செலவு வரிகள்.

[திரையில்: விநியோகச் செலவு இரண்டாகப் பிரிகிறது]

பொது அளவுக் கூற்று காட்டித்தருவது இடத்தை மட்டும்தான். காரணத்தைப் பேரேட்டில்தான் தேட வேண்டும். இந்த வரியைப் பிரித்தால் விளம்பரம், பொதி, அட்டைக் கொமிஷன் எல்லாம் சேர்ந்து 2.4இலிருந்து 2.5, கிட்டத்தட்ட அசையவில்லை. வீட்டு டெலிவரி மட்டும் 0.6இலிருந்து 1.4.

உடனே வான்காரரை அழைத்து வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். பொறுங்கள். முதல் வருடம் டெலிவரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. 200 மில்லியன் விற்பனையைக் கொண்டுபோக 24 மில்லியன் செலவு. நூறு ரூபாவுக்கு 12. கடைசி வருடம் 936 மில்லியன் விற்பனைக்கு 109 மில்லியன். நூறு ரூபாவுக்கு 11.7. ஆக வான்காரர் குற்றவாளி அல்ல, அவருடைய விகிதம் சற்றுக் குறைந்துமிருக்கிறது. மாறியது வாடிக்கையாளர் வாங்கும் வழி. விற்பனையில் 5 சதவீதமாக இருந்த டெலிவரி 12 ஆகிவிட்டது. நூறு ரூபா டெலிவரி விற்பனையில் மொத்த இலாபம் 14 என்றால், கொண்டுபோகவே 11.7 போகிறது. மிஞ்சும் 2.3இல் சம்பளமும் மின்சாரமும் வாடகையும் கழிய வேண்டும். எனவே பேச வேண்டியது டெலிவரிக் கட்டணத்தையும், இலவச டெலிவரிக்கான குறைந்தபட்ச பில் தொகையையும் பற்றி.

[திரையில்: ஆண்டறிக்கையின் குறிப்புப் பக்கம்]

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கையை வைத்து நீங்கள் இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் எண் ஏமாற்றும். 2019 ஜனவரி 1இலும் அதற்குப் பின்னும் தொடங்கிய நிதியாண்டுகளுக்குக் குத்தகைக்கான புதிய நியமம், இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16, நடைமுறைக்கு வந்தது. அதோடு கடை வாடகையின் பெரும்பகுதி வாடகை என்ற வரியிலிருந்து மறைந்து, பெறுமானத் தேய்வாகவும் வட்டியாகவும் பிரிந்துவிட்டது. அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள வருடங்களை ஒரே கோட்டில் போட்டால் வாடகை குறைந்ததாகவும் தொழிற்பாட்டு இலாபம் கூடியதாகவும் தோன்றும். உண்மையில் கடை உரிமையாளருக்குப் போகும் காசு மாறியிருக்காது.

இன்னொன்று மீள வகைப்படுத்தல். ஒரு செலவை விநியோகத்திலிருந்து நிருவாகத்துக்கு மாற்றி எழுதினால் ஒரு வரி இறங்கும், மற்றது ஏறும். 2022/23 எண்ணை அந்த வருட அறிக்கையிலும், அடுத்த வருட அறிக்கையின் ஒப்பீட்டு நிரலிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் குறிப்பைப் படித்து, பழைய வருடங்களையும் அதற்கேற்பத் திருத்திய பிறகே கோடு வரையுங்கள்.

அடிப்படை வருடத்தையும் ஒரு தடவை மாற்றிப் பார்த்துவிடுங்கள். 2020/21 தொற்றுக்காலம், சாதாரண வருடமல்ல. 2021/22ஐ 100 ஆக்கினால் விற்பனை 170, விநியோகச் செலவு 207. இடைவெளி சுருங்குகிறது, ஆனால் மறையவில்லை. அப்படி மறைந்திருந்தால் நாம் பார்த்தது முதல் வருடத்தின் கோளாறு என்று விட்டுவிடலாம். இங்கே விட முடியாது.